நித்யஸ்ரீயின் மாறுதல் குறிப்பு

திங்கட்கிழமை மத்தியானம், சாப்பிட்ட டப்பாவைக் கழுவக்கூட எழுந்திருக்காமல் சந்திரிகா பூர்த்தி செய்து அனுப்பிய படிவம், புதன்கிழமை காலையில் திரும்பி வந்துவிட்டது. மனிதவளப் பிரிவிலிருந்து விஷ்ணுப்ரியா மேலே இரண்டே வரி எழுதியிருந்தாள். 'மேடம், நான்காவது கேள்விக்கு உதாரணம் இல்லை. நீங்கள் நேரில் பார்த்த ஒரு நிகழ்ச்சியாவது வேண்டும் என்று டெனிஸ் சார் சொல்கிறார்.'

சந்திரிகா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வெளியே சரக்கேற்றும் மேடையை ஒட்டி ஒரு கன்டெய்னர் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அதன் பீப் சத்தம் பத்தொன்பது வருஷமாகக் காதில் விழுகிற சத்தம். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, இந்த ஆறு மாதமாக மறுபடியும் எரிச்சலாக இருந்தது.

தாம்பரம் சானடோரியத்தை அடுத்த தொழிற்பேட்டையில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. ஆஸ்பத்திரிகளில் சலைன் ஏற்றுகிற குழாய்களைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அனுப்புகிற வேலை சந்திரிகாவின் பிரிவுடையது. ஆறு பேர் இருந்த பிரிவு. ஜூனில் ஒருவர் ஒரகடத்தில் வேறு கம்பெனிக்குப் போனார், ஆகஸ்டில் இன்னொருவர். அந்த இரண்டு இடத்துக்கும் ஆள் எடுக்க அனுமதி கேட்ட கடிதம் எந்த மேசையில் தூங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மிச்சமிருந்த நால்வரில், ஏற்றுமதிக் காகிதங்கள் அத்தனையையும் தலையில் வைத்துக்கொண்டிருந்தவள் நித்யஸ்ரீ. இப்போது அவள்தான் தரப் பிரிவுக்கு மாறுதல் கேட்டிருந்தாள்.

தரப் பிரிவில் ஆவணங்களைச் சரிபார்க்கும் ஓர் இடம் காலியாகி, உள்ளே இருப்பவர்களே விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். கம்பெனியில் இதற்கு ஒரு முறை உண்டு. இப்போது செய்யும் வேலையில் பதினெட்டு மாதம் முடித்திருக்க வேண்டும். கடைசி இரண்டு வருஷ மதிப்பீடும் குறையில்லாமல் இருக்க வேண்டும். கடந்த ஒரு வருஷத்தில் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்கக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தால் மனிதவளப் பிரிவு அந்த ஊழியரைப் பற்றி ஒரு மாறுதல் குறிப்பு தயாரிக்கும். முதல் பக்கம் பதிவேட்டில் இருக்கிற விவரங்கள்: சேர்ந்த தேதி, பார்த்த வேலைகள், பெற்ற பயிற்சிகள், மதிப்பீடுகள். இரண்டாம் பக்கத்தை இப்போதைய மேலாளர் எழுத வேண்டும். ஊழியர் இரண்டு பக்கத்தையும் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது புதிய பிரிவின் தலைவருக்குப் போகும். உடம்புக்கு என்ன, வீட்டில் என்ன என்பதையெல்லாம் அதில் எழுதக் கூடாது. மேலாளர் விடமாட்டேன் என்று சொல்லவும் முடியாது. எந்தத் தேதியில் விடுவிக்க முடியும் என்று மட்டும் சொல்லலாம், அதுவும் அறுபது நாளுக்குள்.

விடமாட்டேன் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் போகாதபடி எழுத முடியும். அது சந்திரிகாவுக்குத் தெரியும், ஏனென்றால் போன வருஷம் அவள் அதைச் செய்திருந்தாள்.

போன வருஷமும் நித்யஸ்ரீ இதே பிரிவுக்குத்தான் விண்ணப்பித்தாள். சந்திரிகா அவளைப் பற்றி ஒரு பொய்யும் எழுதவில்லை. 'கடின உழைப்பாளி. நம்பகமானவர். சக ஊழியர்களோடு இணக்கமாகப் பணியாற்றுவார்.' ஆங்கிலத்தில் இப்படி ஏழெட்டு வரி. நித்யஸ்ரீ அதைப் படித்துவிட்டு, "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க மேடம், தேங்க்ஸ்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். இடம் வேறு ஒருவருக்குப் போயிற்று. நித்யஸ்ரீ ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, பிறகு வழக்கம்போல வேலை செய்தாள். அந்த ஒரு வாரமும் சந்திரிகா அவளை நிமிர்ந்து பார்க்காமல் பேசினாள்.

இந்த வருஷம் அதே வரிகளைத்தான் எடுத்து ஒட்டியிருந்தாள். ஆனால் தரப் பிரிவின் தலைவர் டெனிஸ் படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருந்தார். 'ஆவணத்தில் தவறு நேர்ந்தது தெரியவந்தபோது இவர் என்ன செய்தார்? நீங்கள் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லவும்.' அதற்குச் சந்திரிகா எழுதிய பதில், 'எப்போதும் கவனமாகச் செயல்படுவார்' என்பது. அதுதான் திரும்பி வந்திருந்தது.

பதினொரு மணிக்கு டீ நேரத்தில் கேன்டீனில் டெனிஸைப் பிடித்தாள். ஐம்பது தாண்டியவர், பல்லாவரத்திலிருந்து ரயிலில் வருகிறவர். இடுப்பு வலிக்காக எப்போதும் நின்றுகொண்டே டீ குடிப்பார்.

"சார், அந்த நாலாவது கேள்வி அவசியமா? அவ தப்பே பண்ணாத பொண்ணு, நான் என்னன்னு எழுதறது?"

டெனிஸ் டம்ளரை ஊதினார். "தப்பே பண்ணாதவங்கன்னு யாராவது சொன்னா எனக்கு பயமா இருக்கும் சந்திரிகா. நம்ம வேலையில தப்பு நடக்கும். அது தெரிஞ்சதும் வெளியில சொல்றவங்கதான் எனக்கு வேணும். மறைக்கிறவங்க வந்தா மொத்த பிரிவும் போச்சு."

"அவ மறைக்கிற ஆள் இல்ல சார்."

"அப்ப அத எழுதுங்க. போன வருஷம் நீங்க கொடுத்ததப் படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன். அதுல ஆளே இல்ல. பேர எடுத்துட்டு யார் பேர வேணாலும் போடலாம். மத்த ரெண்டு பேருக்கு அவங்க மேனேஜர் ஒவ்வொரு நிகழ்ச்சி எழுதியிருந்தாங்க. நான் என்ன பண்ணுவேன், அதை வெச்சுதான இன்டர்வியூக்கு கூப்பிட முடியும்?" அவர் குரலில் குற்றம்சாட்டுகிற தொனி இல்லை. அவருக்கும் அலுப்புதான். "வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க."

சந்திரிகா திரும்பி வந்து உட்கார்ந்தாள். எழுத நிகழ்ச்சி இல்லாமல் இல்லை. ஒன்று இருந்தது. டெனிஸ் கேட்டதற்கு அச்சாகப் பொருந்துகிற ஒன்று.

இரண்டு வருஷத்துக்கு முன், நவம்பர் மாதம். மழையில் ஜிஎஸ்டி ரோடு முழுக்க வண்டிகள் நின்றுபோன வாரம். ஒரு கன்டெய்னரை அவசரமாக ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் காலை நித்யஸ்ரீ நேராகச் சந்திரிகாவின் மேசைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. பேக்கிங் லிஸ்டில் இரண்டு லாட் நம்பர்களை மாற்றிப் போட்டுவிட்டேன் என்றாள். எந்தப் பெட்டியில் எந்தத் தயாரிப்புத் தொகுதி இருக்கிறது என்று சொல்கிற எண் அது. பெட்டிகளின் எண்ணிக்கை, எடை எல்லாம் சரியாக இருந்ததால் வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது. ஆனால் என்றைக்காவது ஒரு தொகுதியில் குறை கண்டுபிடித்துத் திரும்பப் பெற வேண்டிவந்தால், ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் தப்பான பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, எடுக்க வேண்டிய பெட்டியை நோயாளிக்குப் பயன்படுத்துவார்கள்.

"டீவியேஷன் எழுதிடறேன் மேடம்" என்று அன்றைக்கே படிவத்தைக் கையில் எடுத்து வந்திருந்தாள். முறையிலிருந்து விலகி எது நடந்தாலும் ஒரு நாளைக்குள் அதை எழுதி, தரப் பிரிவில் கொடுக்க வேண்டும். டீவியேஷன் என்பது அதுதான்.

சந்திரிகா அந்தப் படிவத்தை அவள் கையிலிருந்து வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டாள். வாடிக்கையாளரின் தணிக்கை அடுத்த வாரம். அந்த மாதத்தில் ஏற்கெனவே மூன்று டீவியேஷன். கன்டெய்னர் துறைமுகத்தில்தான் இருந்தது. கஸ்டம்ஸ் ஏஜென்டுக்கு போன் போட்டு, திருத்திய லிஸ்டை அனுப்பி, வாங்குபவருக்கும் புதிய பிரதியை அனுப்பி, பன்னிரண்டு மணிக்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டாள். "சரியாயிடுச்சு. இனிமே இதப்பத்திப் பேச வேணாம்" என்றாள். நித்யஸ்ரீ, "எழுதாம விடறது சரியா மேடம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "நான் பாத்துக்கறேன்" என்று சந்திரிகா சொன்னாள்.

நித்யஸ்ரீக்கு ஆதரவாகச் சொல்ல அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதை எழுதினால் மறைத்தது யார் என்பதும் அதே பத்தியில் வந்துவிடும்.

மூன்று மணிக்கு ஆலைத் தலைவர் தினகரன் போனில் கூப்பிட்டார். "சந்திரிகா, நித்யஸ்ரீ போறாங்கன்னு கேள்விப்பட்டேன். மார்ச் வரைக்கும் எப்படியாவது புடிச்சு வைங்க. நீங்க ஒண்ணும் தப்பா எழுத வேணாம். ரொம்ப தூக்கி எழுதாதீங்க, அவ்வளவுதான்."

"ரெண்டு பேர் எடுக்கறதுக்கு அப்ரூவல் கேட்டிருந்தேனே சார்."

"அது மேல போயிருக்கு. வரும்."

எல்லாமே மேலேதான் போயிருந்தது. சந்திரிகா போனை வைத்தாள். கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

சாயங்காலம் முடிச்சூருக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகையில், மேற்குத் தாம்பரத்து நெரிசலில் கால் ஊன்றி நின்றபடி அந்தப் பத்தியை மனசுக்குள் எழுதிப் பார்த்தாள். தன் பெயர் வராமல் எழுத முடியுமா என்று பார்த்தாள். 'மேலாளரிடம் உடனே தெரிவித்தார்' என்று நிறுத்திவிடலாம். ஆனால் டெனிஸ் அடுத்ததாக டீவியேஷன் எண் என்ன என்று கேட்பார். அவர் வேலையே அதுதான்.

வீட்டில் அவள் கணவன் சக்திவேல் கடையை அடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். மெயின் ரோட்டில் பெயின்ட், பைப், சிமென்ட் விற்கிற கடை. அவன் அப்பா நெல் போட்ட இடத்தில் இப்போது அடுக்கு வீடுகள். அந்த வீடுகளுக்குத்தான் இவன் பைப் விற்கிறான். சந்திரிகா தோசை ஊற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவன் முழுவதும் கேட்டான்.

"ரெண்டு வருஷம் ஆன விஷயத்த இப்ப எதுக்குக் கெளறிகினு கீற? சரக்கு போய்ச் சேந்துச்சா இல்லியா?"

"சேந்துச்சு."

"அப்றம் இன்னா? அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுன்னு எழுது. முடிஞ்சுது."

"போன தபா அப்படித்தான எழுதினேன். கெடைக்கலியே."

சக்திவேல் ஒரு விள்ளலைச் சட்னியில் தோய்த்தான். "ஒனக்கு வேல போவுமா?"

"வேல போவாது. மெமோ கொடுப்பாங்க. ஒரு வருஷத்துக்கு இன்க்ரிமென்ட், ப்ரமோஷன் எதுவும் பேச முடியாது."

"அந்தப் பொண்ணு போச்சுன்னா அது வேலையும் நீதான பாக்கணும்?"

"ஆமா."

"அப்ப ரெண்டு பக்கமும் ஒனக்குத்தான் அடி" என்று சொல்லிவிட்டு, அவளுக்கு ஒரு தட்டை எடுத்து வைத்தான். "எதுவா இருந்தாலும் சாப்ட்டு யோசி. மூஞ்சியப் பாத்தா ஒரு வாரமா தூங்காத மாரி கீது."

வியாழக்கிழமை காலை சந்திரிகா நித்யஸ்ரீயைப் பேக்கிங் அறையை ஒட்டிய சின்ன மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டாள். நித்யஸ்ரீக்கு முப்பத்துமூன்று வயது. மேடவாக்கத்தில் ஓர் அடுக்ககத்தில் கணவனோடும் பெண்ணோடும் இருந்தாள். இரண்டு வருஷம் சனிக்கிழமைகளில் போய்த் தர மேலாண்மையில் ஒரு டிப்ளமா முடித்திருந்தாள். அந்தச் சான்றிதழைத் தன் மேசையில் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தாள். நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டாவது பக்கத்த இன்னும் முடிக்கல நித்யா. ஒரு விஷயம் ஒங்கிட்ட கேக்காம எழுத முடியாது. அந்த லாட் நம்பர் விஷயம்."

நித்யஸ்ரீ பேனாவை மூடினாள். "அத எழுதணுமா மேடம்?"

"தப்பு நடந்தப்ப நீ என்ன பண்ணினேன்னு கேக்கறாங்க. எனக்குத் தெரிஞ்சு அத விட்டா வேற எதுவும் சொல்லத் தோணல."

"ஆனா நான் தப்பு பண்ணினது அதுல வரும்."

"வரும். நீயே கண்டுபுடிச்சு, நீயே வந்து சொன்னதும் வரும். படிவத்த கையில எடுத்துட்டு வந்ததும் வரும்."

நித்யஸ்ரீ நோட்டை மூடிவைத்தாள். பிறகு, "அத வாங்கி உள்ள போட்டது யாருன்னும் வருமே" என்றாள்.

"வரும்."

"வேணாம் மேடம். உங்களுக்கு பிரச்னை ஆயிடும். நான் அடுத்த வருஷம் மறுபடியும் அப்ளை பண்றேன்."

அவள் அதை உண்மையாகத்தான் சொன்னாள். அதுதான் சந்திரிகாவைக் குடைந்தது. ஆறு வருஷமாக இந்தப் பெண் இப்படித்தான். கன்டெய்னர் தாமதமானால் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். லீவு கேட்டால் இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட்பாள். இவள் அடுத்த வருஷம் என்று சொன்னால், அடுத்த வருஷமும் இதே ஏழெட்டு வரி போகும்.

"போன வருஷம் ஒனக்கு ஏன் கெடைக்கலன்னு தெரியுமா?" என்று சந்திரிகா கேட்டாள்.

"அந்தப் பையனுக்கு எக்ஸ்பீரியன்ஸ் ஜாஸ்தின்னு சொன்னாங்க."

"ஒன்ன இன்டர்வியூக்கே கூப்பிடல. நான் எழுதினதுல ஒண்ணுமே இல்ல. வேணும்னுதான் அப்படி எழுதினேன். நீ போயிட்டா என்னால முடியாதுன்னு."

நித்யஸ்ரீயின் முகம் முதலில் புரியாமலும் பிறகு புரிந்தும் மாறியதைச் சந்திரிகா பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

"நான் அதுக்கு தேங்க்ஸ் சொன்னேன் மேடம்."

"ஆமா."

"நல்லா எழுதியிருக்கீங்கன்னு வீட்ல காட்டினேன்."

நித்யஸ்ரீ நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகில் போய் நின்றாள். "எழுதுங்க" என்றாள். குரல் தட்டையாக இருந்தது. "நடந்தத நடந்தபடி எழுதுங்க. எனக்காக ஒண்ணும் கூட்ட வேணாம்." கதவைச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போனாள்.

படிவத்தில் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. சந்திரிகா தன் மேசையின் கடைசி இழுப்பறையைத் துழாவினாள். அந்தப் பழைய படிவம் எங்கேயும் இல்லை. எப்போதோ கிழித்துப் போட்டிருக்க வேண்டும். ஏஜென்டுக்கு அனுப்பிய மின்னஞ்சல், திருத்துவதற்கு முன்பும் பின்பும் இருந்த இரண்டு லிஸ்ட்கள், வாங்குபவர் பெற்றுக்கொண்டதாகச் சொன்ன பதில், நான்கையும் தேடி எடுத்து அச்சிட்டாள். புதிதாக ஒரு டீவியேஷன் படிவம் எடுத்து, தாமதமான பதிவு என்று தலைப்பில் எழுதினாள். நடந்த தேதியையும் இன்றைய தேதியையும் தனித்தனியாகப் போட்டாள். 'ஏன் அப்போதே பதிவு செய்யப்படவில்லை' என்ற இடத்தில், 'பிரிவு மேலாளர் தடுத்ததால்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். எழுதி முடித்தபோது பெரிய நிம்மதி ஒன்றும் வரவில்லை. கழுத்து வலித்தது.

டெனிஸ் அதை நின்றபடியே படித்தார். பின்னால் இணைத்திருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, வாங்குபவரின் பதிலில் கொஞ்சம் நிதானித்தார்.

"திருத்தின லிஸ்ட் அவங்க கையில இருக்கு. அது வரைக்கும் சரி" என்றார். "ஆனா இத நான் விசாரிக்கணும். அந்த வருஷத்துல உங்க பிரிவுலேர்ந்து போன எல்லா லிஸ்ட்டையும் ஸ்டோர்ஸ் ரெக்கார்டோட வெச்சுப் பாக்கணும். என் ஆளுங்களுக்கு மூணு வாரம் வேலை."

"தெரியும் சார்."

"தினகரன் சாருக்குப் போகும். நான் நிறுத்த முடியாது."

"நிறுத்த வேணாம்."

டெனிஸ் முதல் தடவையாக அவளை உட்காரச் சொன்னார். தானும் உட்கார்ந்தார், இடுப்பைப் பிடித்தபடி. "இப்ப எதுக்கு சந்திரிகா? யாரும் கேக்கலியே."

"நீங்கதான கேட்டீங்க. நாலாவது கேள்வி."

அவர் சிரிக்கவில்லை. படிவத்தின் மூலையில் ஓர் எண்ணைப் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே சந்திரிகா இரண்டாம் பக்கத்தை முழுக்கத் திருப்பி எழுதினாள். ஒட்டியிருந்த வரிகளை எல்லாம் நீக்கினாள். நித்யஸ்ரீ வாரத்துக்கு எத்தனை ஏற்றுமதிக்குக் காகிதம் தயாரிக்கிறாள், புதிதாக வந்த எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தாள், லிஸ்டை ஏற்றும் முன் இன்னொருவர் படித்துப் பார்க்கும் வழக்கத்தை அந்த நவம்பருக்குப் பிறகு அவளாகவே எப்படிக் கொண்டுவந்தாள் என்றெல்லாம் எழுதினாள். நான்காவது கேள்விக்கு நடந்ததை நடந்தபடி எழுதி, டீவியேஷன் எண்ணையும் போட்டாள். மேம்பட வேண்டியவை என்ற இடத்தில், 'மேலதிகாரி தவறான முடிவு எடுக்கும்போது ஒரு தடவைக்கு மேல் கேட்கத் தயங்குகிறார்' என்று எழுதினாள். அதை அடிக்கலாமா என்று யோசித்து, அப்படியே விட்டாள். விடுவிக்கும் தேதி என்ற கட்டத்தில் நாற்பத்தைந்து நாள் என்று போட்டாள்.

மறுநாள் விஷ்ணுப்ரியாவின் அறையில் நித்யஸ்ரீ அதைப் படித்தாள். சந்திரிகா எதிரே உட்கார்ந்திருந்தாள். மேம்பட வேண்டியவை என்ற இடத்தில் நித்யஸ்ரீயின் கண் நின்றது.

"இது சரிதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு காரியங்கள் தம்பாட்டுக்கு நடந்தன. திங்கட்கிழமை தினகரன் சந்திரிகாவைக் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை. "நான் உங்ககிட்ட ரொம்ப தூக்கி எழுதாதீங்கன்னு சொன்னேன். நீங்க உங்களையே கீழ இறக்கி எழுதியிருக்கீங்க" என்றார். பிறகு விசாரணை முடியும்வரை அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. விசாரணையில் வேறு தவறு எதுவும் அகப்படவில்லை. அது முடிந்த வாரம் எழுத்துமூலமான எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒரு வருஷத்துக்குச் செல்லும். விஷ்ணுப்ரியா அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது பாவம், அவள்தான் தவறு செய்தவள் மாதிரி நின்றாள். சந்திரிகா பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டாள்.

நேர்காணலுக்கு மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். டெனிஸும் விஷ்ணுப்ரியாவும் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்களாம். நித்யஸ்ரீ தேர்வாகிவிட்டாள் என்பதைச் சந்திரிகா மின்னஞ்சலில்தான் தெரிந்துகொண்டாள். அவளாக வந்து சொல்லவில்லை. முன்பெல்லாம் 'மேடம்' என்று தொடங்கி, பேச்சு நீளும்போது தன்னையறியாமல் 'அக்கா' என்று முடிப்பாள். இப்போது மேடத்திலேயே நின்றது. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அந்த 'அக்கா'வைக் கேட்டு வாங்கச் சந்திரிகாவுக்கு உரிமையும் இல்லை.

நாற்பத்தைந்து நாளும் நித்யஸ்ரீ ஒழுங்காக வேலையை ஒப்படைத்தாள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம்: யாருக்கு எத்தனை பிரதி, எந்தச் சான்றிதழ், யார் பெயரில் என்று. சாயங்காலங்களில் சந்திரிகாவும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். ஒரு காலத்தில் அவளே பார்த்த வேலைதான். ஆனால் எல்லாம் மாறியிருந்தது. சாஃப்ட்வேர் மாறியிருந்தது, கண்ணும் மாறியிருந்தது. ஆள் எடுக்கும் அனுமதி டிசம்பரில் வந்தது, இரண்டுக்கு ஒன்று.

கடைசி நாள் கேக் வெட்டினார்கள். பேக்கிங் பிரிவுப் பெண்கள் ஒரு புடவை வாங்கிக் கொடுத்தார்கள். எல்லாரும் போன பிறகு நித்யஸ்ரீ மேசைக் கண்ணாடியைத் தூக்கிச் சான்றிதழை உருவி எடுத்தாள்.

"போன வருஷம் எழுதினத நான் இன்னும் மன்னிக்கல மேடம்" என்றாள், அதைப் பையில் வைத்துக்கொண்டே. "சொல்லிடணும்னு தோணுச்சு."

"சரிம்மா."

"நீங்க மூணு நாளா மத்தியானம் சாப்பிடல. டப்பா அப்படியே திரும்பிப் போகுது." அவள் பையை மாட்டிக்கொண்டாள். "சாப்பிடுங்க."

தரப் பிரிவு அதே கட்டடத்தின் மாடியில்தான். படியேறிப் போகிற அவள் செருப்புச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

புது வருஷத்தின் இரண்டாவது வாரம், சந்திரிகா தனியாகத் தயாரித்த முதல் பெரிய ஏற்றுமதி போக வேண்டியிருந்தது. பதினான்கு பக்கப் பேக்கிங் லிஸ்ட். சரிபார்க்க மாடிக்கு அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம். கீழே நித்யஸ்ரீயின் கையெழுத்தில், 'இந்த லாட்டின் காலாவதி மாதம் ஸ்டோர்ஸ் பதிவோடு பொருந்தவில்லை. தயவுசெய்து பார்க்கவும். டீவியேஷன் தேவையில்லை, லாரி இன்னும் கிளம்பவில்லை.'

சந்திரிகா ஸ்டோர்ஸ் பதிவை எடுத்துப் பார்த்தாள். தான் போட்டதுதான் தப்பு. வெளியே லாரிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். "இருங்க, அரை மணி ஆவும்" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்பதாம் பக்கத்தைத் திருத்த உட்கார்ந்தாள்.